விலை மாறும் தொழிலுக்கு நகரும் வரவு செலவுத் திட்டம்

பால் மாடுகள் மிகுந்த வெதுருகுப்பம் பகுதியில் மாட்டுத் தீவனம் கலந்து விற்கும் ஒரு சிறு ஆலையை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். ஒரு கிலோ தீவனத்தில் 400 கிராம் மக்காச்சோளம். எஞ்சியவை தவிடு, புண்ணாக்கு முதலியன. காலாண்டு விற்பனை 300 டன்.

மார்ச் மாதத்தில் ஆண்டு முழுமைக்குமான திட்டம் தீட்டப்படுகிறது. அது ராபி பருவ மக்காச்சோளம் சந்தைக்கு வரும் காலம். கிலோ 22 ரூபாய் என்று வைத்துக் கணக்கிட்டால், தீவனத்தின் அடக்கவிலை 23 ரூபாய், விற்பனை விலை 25 ரூபாய், காலாண்டு இலாபம் 6 இலட்சம் ரூபாய்.

வரத்துக் குறையும் ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலாண்டில் மக்காச்சோளம் 26 ரூபாயாகிறது. கிலோ தீவனத்திற்கு 1.60 ரூபாய் கூடுதல் செலவு, காலாண்டில் 4.80 இலட்சம். நிலையான திட்டத்தில் இது காலாண்டு முடிந்த பின்னரே தெரியும். விலையை உயர்த்துவதற்கான காலம் அதற்குள் கடந்துவிடும்.

நகரும் திட்டத்திலோ, ஜூன் இறுதியில் முடிந்த காலாண்டு நீக்கப்பட்டு, தொலைவில் ஒரு புதிய காலாண்டு சேர்க்கப்படும். எப்பொழுதும் நான்கு காலாண்டுகள் நம் முன்னே இருக்கும். அருகிலுள்ள காலாண்டுக்கு அன்றைய சந்தை விலை இடப்படும். ஆகவே விற்பனை விலையை உயர்த்துவதா, கலவையை மாற்றுவதா என்று முன்னரே முடிவு செய்யலாம். ஒரு மாத இருப்பான 40 டன் மக்காச்சோளத்திற்கு 8.80 இலட்சத்திற்குப் பதில் 10.40 இலட்சம் தேவை என்பதும் புலப்படும். முந்தைய விற்பனை மதிப்பீட்டின்படி வகுத்த ரொக்கக் கடன் வரம்பு போதுமா என்று வங்கியை அணுக, அதுவே உரிய வேளை.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. திருத்த வேண்டியது விலையை மட்டுமே, அளவை அன்று. அந்தக் காலாண்டில் டன்னுக்கு 400 கிலோவுக்குப் பதில் 420 கிலோ மக்காச்சோளம் செலவாகியிருந்தால், சிந்தியும் பூஞ்சை பிடித்தும் போனதன் மதிப்பு 1.56 இலட்சம். பழைய திட்டம் 6.36 இலட்சம் என்று மொத்த மிகைச்செலவையே காட்டும். பழி முழுவதும் விலையின் மேல் விழும். விலையைத் திருத்தி, 400 கிலோ என்ற அளவை அப்படியே வைத்த நகரும் திட்டம் அந்த 1.56 இலட்சத்தைத் தனியே காட்டிவிடும். அளவையும் 420 என்று மாற்றிவிட்டால், அந்த வீணடிப்பு திட்டத்திற்குள்ளேயே மறைந்துவிடும்.

எனவே மார்ச் மாதத் திட்டத்தைக் கிழித்தெறிய வேண்டாம். ஆண்டு இறுதியில் எங்கே புறப்பட்டோம் என்று ஒப்பிட அது தேவை. காலாண்டுதோறும் ஒரு நாள் ஒதுக்கி மூன்று நான்கு முக்கியச் சரக்குகளின் விலையை மட்டும் திருத்தினால் போதும். மின்கட்டணம், கூலி போன்றவை மாறும்பொழுது திருத்திக்கொள்ளலாம். விலைகள் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே நிலையில் நிற்கும் தொழிலுக்கு நிலையான திட்டமே போதுமானது.