எழுத்து வாங்காத அம்புகள்

வெப்பநிலை கேட்கும் ஒரு கட்டத்தில் 7 என்றோ -12 என்றோ 3.5 என்றோ தட்டினால் கணினி ஏற்க வேண்டும். வெறும் கழித்தல் குறியையும், புள்ளியோடு நின்றுவிட்ட 3. என்பதையும் ஏற்கக் கூடாது. இதைச் சரிபார்க்க ஐந்து நிலைகள் கொண்ட ஒரு தானியங்கி போதும். ஓர் எழுத்தைப் படித்ததும் அம்பு வழியே அடுத்த நிலைக்குப் போகும். எழுத்துகள் தீரும்போது இறுதி நிலையில் நின்றால் உள்ளீடு சரி.

கழித்தல் குறி இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இந்த இடத்தில்தான் எப்சிலான் அம்பு கைகொடுக்கிறது. எந்த எழுத்தையும் வாங்காமலே அது அடுத்த நிலைக்கு விட்டுவிடும். கென் தாம்ப்சன் 1968-ல் எழுதிய தேடல் முறையை ஒட்டிப் பாடநூல்கள் கட்டிக் காட்டும் தானியங்கிகளில் இந்த அம்புகள் நிறையவே இருக்கும், ஏனென்றால் சிறு சிறு துண்டுகளை ஒட்டவைக்க அவை வசதியானவை.

நம் தானியங்கி இதுதான். d என்பது ஏதேனும் ஓர் இலக்கம். தொடக்கம் 1, இறுதி நிலை 5.

```
1: - → 2    ε → 2
2: d → 3
3: d → 3    . → 4    ε → 5
4: d → 5
5: d → 5
```

எப்சிலானை நீக்க, முதலில் ஒவ்வொரு நிலையிலிருந்தும் எதையும் படிக்காமலே எங்கெல்லாம் போய்ச் சேரலாம் என்று பார்க்க வேண்டும். அந்த நிலையும் அதில் சேரும். இதற்கு எப்சிலான் மூடல் என்று பெயர். 1-இன் மூடல் 1, 2. 3-இன் மூடல் 3, 5. மற்றவற்றுக்குத் தாமே மூடல். ஒரு எப்சிலான் இன்னொரு எப்சிலானுக்கு இட்டுச் சென்றால் அந்தச் சங்கிலியையும் கடைசிவரை தொடர வேண்டும்.

அடுத்து, மூடலில் உள்ள நிலைகளின் அம்புகளையெல்லாம் மூல நிலைக்கே சொந்தமாக்க வேண்டும். 2-இடம் இருந்த இலக்க அம்பு 1-க்கும் கிடைக்கிறது, 5-இன் அம்பு 3-க்கும் கிடைக்கிறது. பிறகு எப்சிலான்களை அழித்துவிடலாம்.

```
1: - → 2    d → 3
2: d → 3
3: d → 3    d → 5    . → 4
4: d → 5
5: d → 5
```

3-இல் ஓர் இலக்கத்துக்கு இரண்டு வழிகள் இருப்பதால் தானியங்கி இன்னும் தீர்மானமற்றதுதான். அதை நீக்குவது வேறு வேலை.

மாணவர்கள் பெரும்பாலும் வழுக்குவது இதற்குப் பிறகுதான். மூடலில் இறுதி நிலை இருந்தால், மூல நிலையும் இறுதி நிலையாக வேண்டும். இங்கே 3-இன் மூடலில் 5 இருக்கிறது, ஆகவே 3-உம் இறுதி நிலை. இதை மறந்தாலும் 42 தேறிவிடும்: 4 படித்ததும் 3-க்கு வந்து, 2 படிக்கும்போது புதிய அம்பு வழியே 5-க்குப் போய்விடும். 3.5-உம் தேறும். 7 மட்டும் 3-லேயே நின்று தோற்கும். பெரிய எண்களைக் கொண்டே சோதிப்பவர் கண்ணில் இந்தப் பிழை படவே படாது. ஓரிலக்க எண் ஒன்றைக் கொடுத்தால் உடனே வெளிவரும்.

நிலைகளின் எண்ணிக்கை கூடாது, ஆனால் அம்புகள் பெருகலாம். இலக்கங்கள் 0 முதல் 9 வரை இறங்காமல் வருகின்றனவா என்று பார்க்கும் தானியங்கிக்கு 10 நிலைகள், தன்னிடமே திரும்பும் 10 அம்புகள், நிலைகளை இணைக்கும் 9 எப்சிலான்கள். நீக்கிய பின் 19 அம்புகள் 55 ஆகின்றன. அதனால்தான் சில தேடல் நிரல்கள் எப்சிலானை அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளீட்டைப் படிக்கும்போதே மூடலைக் கணக்கிட்டுக்கொள்கின்றன.