கைமாற்றுக்கு ஓர் எல்லை

உயர்தர வகுப்பில் கணக்கீடு கற்பிப்பவள் என்பதால், எங்கள் குடும்பத்தில் பணம் தொடர்பான பேச்சு எழுந்தால் கடைசியில் அது என்னிடம்தான் வந்து நிற்கும். ஆலோசனை கேட்டு வருபவர்களை விடக் கைமாற்றுக் கேட்டு வருபவர்களே அதிகம். ஜனவரியில் பாடசாலை தொடங்கும்போதும் நோன்புப் பெருநாளுக்கு முந்திய இரண்டு வாரங்களிலும் தொலைபேசி ஓய்வதில்லை. கேட்பவர்களில் யாரும் அந்நியர் அல்லர். அதனால்தான் இதற்கு ஓர் ஒழுங்கு தேவைப்பட்டது.

கையில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துக் கடன் கொடுப்பவர்கள் பலர். சம்பளம் வந்த அன்று எல்லோர் கையிலும் பணம் இருக்கும். நான் பார்ப்பது வேறொன்று: இந்தப் பணம் ஒரு வருடத்துக்குத் திரும்பி வராவிட்டால் என் வீட்டில் எது நின்றுபோகும்? பிள்ளையின் வகுப்புக் கட்டணமோ மாமியின் மருந்தோ நின்றுபோகுமென்றால், அது கடனாகக் கொடுக்கக்கூடிய பணமே அல்ல.

கணக்கைப் பாருங்கள். இருவரது சம்பளமும் சேர்ந்து மாதம் 140,000 ரூபா வரும் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். சாப்பாட்டுக்கு 58,000, மின்சாரம், தண்ணீர், தொலைபேசிக்கு 14,000, வேன் கூலிக்கும் மேலதிக வகுப்புகளுக்கும் 22,000, மருந்துக்கு 6,000, மாமிக்கு 10,000, சேமிப்புக்கு 15,000. மொத்தம் 125,000. எஞ்சுவது 15,000. இதில் 10,000 எதிர்பாராத செலவுக்கு. மற்ற 5,000 ரூபாவையும் ஒரு தனி உறையில் போட்டு, உறையின் மேல் ‘கைமாற்று’ என்று எழுதுங்கள். ஒரு வருடத்தில் அதில் 60,000 சேரும். அதுதான் அந்த வீட்டின் எல்லை. 60,000 நிரம்பினால் மேலும் போட வேண்டியதில்லை. திரும்பி வரும் பணம் மீண்டும் உறைக்குள்ளேயே போகும். சேமிப்பு அப்படியே இருக்கும், யார் கேட்டாலும்.

இன்னுமொரு நிபந்தனை: ஒருவருக்கு அந்த உறையில் மூன்றிலொரு பங்குக்கு மேல் இல்லை. முழுவதையும் ஒருவரிடம் கொடுத்துவிட்டால், அடுத்த வாரம் ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஓடி வருபவருக்குக் கொடுக்க எதுவும் இராது.

எங்கள் வீட்டு உறையும் இதே அளவுதான். அது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஒரு சம்பவம். முச்சக்கரவண்டி ஓட்டும் உறவுக்காரத் தம்பி ஒருவர் 48,000 ரூபா கேட்டு வந்தார். லீசிங் தவணை மாதம் 24,000. இரண்டு மாதம் கட்டவில்லை, வண்டியைத் தூக்கிவிடுவார்கள் என்ற பயம். வட்டிக்கு வண்டி எடுத்தது சரியா பிழையா என்று விவாதிக்க அது நேரமல்ல. நான் ஒரு கேள்விதான் கேட்டேன்: “எண்ணெய்க்கும் வீட்டுச் செலவுக்கும் போக மாசம் எவ்வளவு மிஞ்சும் தம்பி?” யோசித்துவிட்டு 20,000 என்றார்.

அப்படியென்றால் ஒவ்வொரு மாதமும் 4,000 குறைகிறது. நான் 48,000 கொடுத்தால் நிலுவை தீரும். ஆனால் அடுத்த மாதமே அதே 4,000 மீண்டும் குறையும். அதற்கு மேல் எனக்கும் கட்ட வேண்டும். ஆறு மாதத்தில் அவர் என் வீட்டுப் பக்கம் வருவதையே நிறுத்திவிடுவார். இங்கே கோளாறு தவணையின் அளவில் இருந்தது. அதனால் லீசிங் அலுவலகத்துக்குப் போய்த் தவணைக் காலத்தை நீட்டித் தரும்படி கேட்கச் சொன்னேன். அப்படி நீட்டினால் மொத்தமாகக் கட்டும் தொகை கூடும் என்பதையும் சொன்னேன். நிலுவையில் ஒரு பகுதியை உடனே கட்டினால் பரிசீலிக்கலாம் என்றார்களாம். என் எல்லையான 20,000 ரூபாவைக் கொடுத்தேன். தவணை 18,000 ஆகக் குறைந்தது. மிஞ்சும் 2,000 ரூபாவை மாதாமாதம் எனக்குத் தருவது, பத்து மாதத்தில் முடிப்பது என்று பேசிக்கொண்டோம்.

பேசியதை எழுதியும் கொண்டோம். ஒரு அப்பியாசக் கொப்பியில் திகதி, தொகை, எதற்காக, எப்போது திரும்பும் என்று நாலு வரி. அதையே வட்ஸ்அப்பில் அவருக்கும் அனுப்பினேன். “சொந்தத்துக்குள்ள என்ன எழுத்து?” என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. குர்ஆனின் மிக நீண்ட வசனமான அல்பகரா 282, கடனை எழுதிவைக்கும்படியும் சாட்சி வைக்கும்படியுமே சொல்கிறது. அது உறவுக்கு விலக்களிக்கவில்லை. எழுதுவதற்கு நடைமுறைக் காரணமும் இருக்கிறது. ஒருவர் மௌத்தானால், சொத்தைப் பங்கிடுமுன் அவரது கடன்களைத் தீர்க்க வேண்டும். எழுத்தில் இல்லாத கடனை அவருடைய பிள்ளைகள் எப்படி அறிவார்கள்?

ஐந்தாம் மாதம் தம்பியிடமிருந்து பணமும் வரவில்லை, அழைப்பும் வரவில்லை. கடன் சிக்கலுக்குப் போகிறது என்பதன் முதல் அடையாளம் இந்த மௌனந்தான். வெட்கத்தில் ஒதுங்கும் ஆளை நாம்தான் முதலில் அழைக்க வேண்டும். “இந்த மாசம் முடியாட்டி ஆயிரம் போதும், மத்தது கடைசியில சேத்துக் கட்டுங்க” என்றேன். பிள்ளைக்குக் காய்ச்சல், நாலு நாள் வண்டி ஓடவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. சிரமப்படும் கடனாளிக்கு அவகாசம் கொடுக்கச் சொல்வதும் அதே அத்தியாயந்தான், 280 ஆம் வசனம். கொப்பியில் திகதியை மாற்றி எழுதினேன்.

மறுப்பதற்கு வருவோம். நம் வீடுகளில் அதிகம் வலி கொடுக்கும் பதில் “பார்ப்போம்” என்பதுதான். ‘இன்ஷா அல்லாஹ்’வையும் இல்லை என்பதற்குப் பதிலாகச் சிலர் பாவிக்கிறார்கள். கேட்டவர் அதை ஆம் என்று எடுத்துக்கொண்டு, வேறெங்கும் போகாமல் ஒரு வாரம் காத்திருப்பார். கொடுக்க முடியாதென்றால் அன்றே சொல்லிவிடுவதே அவருக்குச் செய்யும் உதவி.

சாச்சி ஒருவர் மகளின் கலியாணத்துக்காக 75,000 கேட்டபோது உறையில் 15,000 தான் இருந்தது. “சாச்சி, கைமாத்துக்கு ஒதுக்கின காசு மத்தவங்ககிட்ட போயிருக்கு. இந்தத் தொகை என்னால ஏலாது. ஐயாயிரம் தாறன், அது திருப்பித் தர வேணாம், தங்கச்சிக்கு என்ட அன்பளிப்பு” என்றேன். “சரி மகள், நீங்க உடனே சொன்னதே போதும்” என்றார். அந்த 5,000 ரூபாவை நான் உறையிலிருந்து எடுக்கவில்லை. அன்பளிப்பையும் கடனையும் ஒரே கணக்கில் கலந்தால் இரண்டும் குழம்பிவிடும்.

மறுக்கும்போது நம் கஷ்டங்களைப் பட்டியலிடுவது நல்லதல்ல. அடுத்த மாதம் வீட்டில் புதுக் குளிர்சாதனப் பெட்டியைக் கண்டால் சொன்னதெல்லாம் பொய்யாகிவிடும். கலியாணத்தை எளிமையாகச் செய்யுங்கள் என்று பணமும் கொடுக்காமல் புத்திமதி கூறுவது அதைவிட மோசம். அவர் கேட்டார் என்பதை இன்னொரு வீட்டில் சொல்லவே கூடாது.

மாணவியருக்கும் இதே கணக்குத்தான், தொகைதான் சிறியது. பஸ் காசும் பகல் சாப்பாட்டுக் காசும் கடன் கொடுக்கும் பணமல்ல. அவை போக வாரம் 200 ரூபா மிஞ்சினால், உங்கள் எல்லை 200. அதே தோழி முந்தைய 100 ரூபாவைத் தராமல் மீண்டும் கேட்டால், “முதல் நூறு வந்ததும் தாறன்” என்று சிரித்துக்கொண்டே சொல்லலாம்.

நகை விடயத்தில் மட்டும் எனக்கு எல்லை எதுவுமில்லை, மறுப்பு மட்டுமே. “காப்பைத் தாங்க, அடகு வச்சி மூணு மாசத்தில மீட்டுத் தாறன்” என்பார்கள். அடகுச் சீட்டு அவர் பெயரில் இருக்கும், அறிவித்தல் கடிதமும் அவருக்கே போகும். தவணைக்குள் மீட்காவிட்டால் காப்பு ஏலத்துக்குப் போவது நமக்குத் தெரியவே வராது. பிறகு அன்றைய பெறுமதியைப் பணமாகத் தந்தாலும், தங்கத்தின் விலை ஏறியிருந்தால் அதே பவுணை வாங்க முடியாது. கொடுத்தே ஆகவேண்டிய நெருக்கடி என்றால் நிறுத்துப் பாருங்கள். கொப்பியில் ரூபாவை எழுதாமல் கிராமை எழுதுங்கள். அடகுச் சீட்டின் பிரதியை வாங்கி, மீட்க வேண்டிய திகதியை உங்கள் நாட்காட்டியிலும் குறித்துவையுங்கள்.