நிகழ்ச்சிக்கு இன்னும் 14 நாள், விற்றது 372

டிக்கெட் விற்றுக் கச்சேரி நடத்துகிறவர்கள் காலையில் எழுந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை போயிருக்கு?" என்பதுதான். 372 என்று பதில் வருகிறது. நல்ல எண்ணா, கெட்ட எண்ணா? அதை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் சொல்ல முடியாது. இன்றைய தேதிக்கு எவ்வளவு விற்றிருக்க வேண்டும் என்று தெரிந்தால்தான் 372க்குப் பொருள் வரும்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். சென்னையில் 1,000 இருக்கைகள் கொண்ட அரங்கில் ஒரு மெல்லிசைக் கச்சேரி. ஸ்பான்சருக்கும் அழைப்பாளர்களுக்கும் 100 இருக்கைகளை ஒதுக்கியாகிவிட்டது. மீதி 900ல் 800 விற்க வேண்டும் என்பது இலக்கு. சராசரி விலை 750 ரூபாய். 650 டிக்கெட் விற்றால் செலவு கையைக் கடிக்காது. விற்பனைக்கு மொத்தம் 40 நாள்.

800ஐ 40ஆல் வகுத்து நாளுக்கு 20 என்று கணக்குப் போடத்தான் எவருக்கும் முதலில் தோன்றும். அப்படிப் பார்த்தால் 26 நாள் முடிந்த நிலையில் 520 விற்றிருக்க வேண்டும். 372 என்றதும் அடிவயிறு கலங்கும். உடனே பாதி விலை என்று அறிவிப்பு போகும். முழு விலை கொடுத்து முதலில் வாங்கியவர்களின் வயிற்றெரிச்சல்தான் மிச்சமாகும்.

டிக்கெட் அப்படிச் சீராக விற்பதில்லை. விற்பனை திறந்த இரண்டு மூன்று நாளில் ரசிகர்கள் பாய்ந்து வாங்குவார்கள். அப்புறம் பல வாரம் மந்தமாகப் போகும். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று இருந்தவர்களெல்லாம் கடைசி வாரத்தில் வருவார்கள். அதனால் இலக்கை நேர்கோடாகப் போடக்கூடாது. இதே அமைப்பாளர் இதே மாதிரி அரங்கில் முன்பு நடத்திய நிகழ்ச்சிகளை எடுத்து, நிகழ்ச்சிக்கு இத்தனை நாள் இருக்கும்போது மொத்த விற்பனையில் எத்தனை சதவீதம் முடிந்திருந்தது என்று பார்த்து, அந்தச் சராசரியை ஒரு வளைகோடாக வரைய வேண்டும். காலண்டர் தேதி இங்கே உதவாது. மீதமுள்ள நாள்தான் கணக்கு. நம் கச்சேரிக்கு அந்தக் கோடு இப்படி வருகிறது: முதல் 3 நாளில் 20 சதவீதம், 21 நாள் இருக்கையில் 40, 14 நாள் இருக்கையில் 50, 10 நாள் இருக்கையில் 58, 7 நாள் இருக்கையில் 67. மூன்றில் ஒரு பங்கு கடைசி 7 நாளில்தான் விற்கும்.

கோடு வரையும்போது ஒரு இடத்தில் பலர் தடுக்கி விழுகிறார்கள். பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஹவுஸ்ஃபுல் நிகழ்ச்சியை இந்தச் சராசரியில் சேர்க்கக்கூடாது. அங்கே 10 நாள் முன்னதாகவே விற்பனை நின்றதற்குக் காரணம் இருக்கை தீர்ந்துபோனதுதான்; வாங்க வந்தவர்கள் பலர் திரும்பிப் போயிருப்பார்கள். அந்தக் கணக்கைச் சேர்த்தால் மற்ற எல்லா நிகழ்ச்சியும் பின்தங்கியிருப்பது போலவே தெரியும்.

இனி அமைப்பாளரின் போனுக்குக் காலை 8 மணிக்கு வரும் தினசரிச் சுருக்கம். நேற்று நள்ளிரவோடு கணக்கை முடித்து, ரத்தானவற்றைக் கழித்து, இலவச பாஸ்களைத் தனியே வைத்து எழுதியது:

"இன்னும் 14 நாள். விற்றது 372, இருக்க வேண்டியது 400. இலக்கில் 93 சதவீதம். கடந்த 7 நாளில் விற்றது 106, தேவைப்பட்டது 80."

படித்தால் நிம்மதியாக இருக்கிறது. ஒரு வாரம் முன்பு விற்றது 266, வேண்டியது 320. அதாவது 83 சதவீதம். இப்போது 93. ஏறுமுகம்தானே? இல்லை. அந்த 106ல் 60 டிக்கெட்டை ஒரே நிறுவனம் தன் ஊழியர்களுக்காக மொத்தமாக வாங்கியிருக்கிறது. கோடு வரைந்த பழைய நிகழ்ச்சிகளில் மொத்தக் கொள்முதல் கிடையாது. எல்லாம் ஆள் ஆளாக வாங்கியவை. ஆகவே ஒப்பிடவும் அவற்றை மட்டும்தான் எடுக்க வேண்டும். அப்படி எடுத்தால் விற்றது 312, இலக்கில் 78 சதவீதம். கடந்த வாரத்தில் தேவைப்பட்ட 80க்கு வந்தது 46. நிலைமை ஏறவில்லை, இறங்கியிருக்கிறது. மொத்தக் கொள்முதலைத் தனி வரியில் காட்டாத சுருக்கம், அமைப்பாளருக்குக் கேடுதான் செய்யும்.

கடைசியில் எங்கே போய் நிற்கும்? 312 என்பது பாதி என்றால் முழுசு 624. அந்த 60ஐச் சேர்த்தால் 684. ஆனால் பாதி என்பது சராசரிதான். பழைய மூன்று நிகழ்ச்சிகளில் இதே நாளில் முடிந்திருந்தது ஒன்றில் 44, ஒன்றில் 50, ஒன்றில் 58 சதவீதம். அதன்படி நம் கச்சேரி ஏறக்குறைய 600லும் முடியலாம், 770லும் முடியலாம். 650 என்ற நஷ்டக் கோடு இரண்டுக்கும் நடுவில் கிடக்கிறது. அமைப்பாளருக்கு இந்த இரண்டு எண்ணையும் சொல்ல வேண்டும். 684 என்று ஒன்றை மட்டும் சொல்வது அவரை ஏமாற்றுவது.

விற்பனை ஏன் தளர்ந்தது? விலைவாரியாகப் பிரித்தால் தெரிகிறது. 300 ரூபாய் டிக்கெட் 200தான் இருந்தது. 18 நாள் இருக்கும்போது அது தீர்ந்துவிட்டது. கடந்த வாரத்து 46ல் 31 அதற்கு முந்தைய மூன்று நாளில் விற்றவை, பிந்தைய நாலு நாளில் 15தான். கச்சேரி மீது ஆசை குறையவில்லை. கைக்கு எட்டும் விலை குறைந்துபோனது. விளம்பரத்தில் பணத்தைக் கொட்டினாலும் இது சரியாகாது. மலிவு விலையில் எத்தனை இருக்கைகளைத் திறந்துவிடுவது என்பது விமான நிறுவனங்களுக்குப் பழகிய கணக்கு, பிரிட்டனின் பி.ஓ.ஏ.சி. நிறுவனத்தில் இருந்த கென் லிட்டில்வுட் 1972ல் அதற்கு ஒரு விதியே வகுத்தார்.

இங்கே செய்யக்கூடியது சின்ன வேலை. 700 ரூபாய்ப் பகுதியின் கடைசியில் ஒரு டிக்கெட்கூட விற்காத மூன்று வரிசை இருக்கிறது, 75 இருக்கை. அதை மட்டும் 300க்கு மாற்றலாம். முன்பே வாங்கியவர் பக்கத்தில் குறைந்த விலைக்காரர் உட்காரும் சங்கடம் வராது. ஆனால் இருக்கைக்கு 400 வீதம் 30,000 ரூபாய் குறையும். அது 40 சராசரி டிக்கெட்டுக்குச் சமம். ஆகவே நஷ்டக் கோடும் 650லிருந்து ஏறக்குறைய 690க்கு ஏறும். அன்றைய சுருக்கத்திலேயே அதையும் மாற்றிவிட வேண்டும்.

மறுநாளே பலன் வந்ததா என்று பார்ப்பது வீண். ஒரு ஞாயிறும் ஒரு செவ்வாயும் ஒன்றல்ல. சம்பள நாளும் மாதக் கடைசியும் ஒன்றல்ல. நாலு நாள் பொறுத்துப் பார்த்ததில் 70 டிக்கெட் போயிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம், தேவை 64. அந்த 70ல் 52 புதிய 300 ரூபாய் வரிசைகள், 18 பழைய விலை. முந்தைய நாலு நாளில் 15 விற்றதே, அதோடு இந்த 18ஐ வைத்துப் பார்க்க வேண்டும். விலை உயர்ந்த டிக்கெட் வாங்க இருந்தவர்கள் மலிவுக்கு இறங்கியிருந்தால் அது சரிந்திருக்கும். சரியவில்லை. 52ம் கூடுதலாக வந்த ஆட்கள்.

இப்போது சுருக்கம் இப்படிப் போகும்: "இன்னும் 10 நாள். தனித்தனியாக விற்றது 382, வேண்டியது 464, இலக்கில் 82 சதவீதம். மொத்தக் கொள்முதல் 60. இப்படியே போனால் சுமார் 719; நஷ்டக் கோடு 690. மலிவு வரிசையில் மீதி 23. அது தீர்ந்தால் அடுத்த வரிசையைத் திறப்பதா என்று 7ஆம் நாள் முடிவு செய்யணும்."