எண்டோமென்ட் பாலிசி உண்மையில் எத்தனை சதவீதம் தருகிறது?

எண்டோமென்ட் பாலிசியில் இரண்டு வாக்குறுதிகள் உண்டு. பாலிசிதாரர் இடையில் இறந்தால் குடும்பத்துக்குக் காப்பீட்டுத் தொகை கிடைக்கும். காலம் முடியும்வரை உயிருடன் இருந்தால் அந்தத் தொகையும் அதுவரை சேர்ந்த போனஸும் அவருக்கே கிடைக்கும். இந்த இரண்டாவது வாக்குறுதியை ஒரு சேமிப்பாகப் பார்த்தால் ஆண்டுக்கு எத்தனை சதவீதம் கூட்டு வட்டி கிடைத்ததற்குச் சமம் என்பதைச் சொல்லும் அளவுகோல்தான் உள்ளார்ந்த வருவாய் விகிதம். சுருக்கமாக ஐ.ஆர்.ஆர்.

ஓர் எடுத்துக்காட்டு. காப்பீட்டுத் தொகை 5,00,000 ரூபாய், காலம் 20 ஆண்டுகள், ஆண்டுப் பிரீமியம் 25,000 ரூபாய். ஆயிரம் ரூபாய் காப்பீட்டுத் தொகைக்கு ஆண்டுதோறும் 40 ரூபாய் போனஸ் அறிவிக்கப்படுவதாகக் கொள்வோம். அப்படியானால் ஓர் ஆண்டு போனஸ் 20,000 ரூபாய். 20 ஆண்டுகளுக்கு 4,00,000. முடிவில் ஒரு முறை தரப்படும் இறுதிக் கூடுதல் போனஸ் 20,000 என்றால், முதிர்வுத் தொகை 9,20,000 ரூபாய். கட்டியது மொத்தம் 5,00,000.

இந்த எண்களை வைத்து மூன்று விதமான விடைகள் சொல்லப்படுவதுண்டு. லாபம் 4,20,000, அதாவது 84%. அதை 20 ஆண்டுகளால் வகுத்தால் 4.2% என்பது ஒன்று. ஐந்து லட்சம் 20 ஆண்டுகளில் 9.2 லட்சமாக வளர்ந்ததாகக் கொண்டு, கூட்டு வட்டி 3.1% என்பது இரண்டாவது. ஒவ்வொரு பிரீமியமும் சராசரியாகப் பத்தரை ஆண்டுகளே நிறுவனத்திடம் இருந்தது, எனவே 84-ஐ 10.5-ஆல் வகுத்தால் 8% என்பது மூன்றாவது. முதல் இரண்டும் பாலிசியைக் குறைத்துக் காட்டுகின்றன. ஏனென்றால் ஐந்து லட்சமும் முதல் நாளே கட்டப்படவில்லை. முதல் பிரீமியம் 20 ஆண்டுகள் உள்ளே இருக்கிறது, கடைசிப் பிரீமியம் ஓர் ஆண்டுதான் இருக்கிறது. மூன்றாவது விடை உயர்த்திக் காட்டுகிறது; அது தனிவட்டி. வங்கியின் கூட்டு வட்டியோடு அதை ஒப்பிட முடியாது.

சரியான கேள்வி இதுதான்: ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் 25,000 ரூபாயை ஒரு கணக்கில் போட்டு வந்தால், எந்த வட்டியில் அது 20-ஆம் ஆண்டின் முடிவில் 9,20,000 ஆகும்? 5% வட்டியில் 8,67,981 ரூபாய்தான் சேரும். 6% என்றால் 9,74,818 ஆகிவிடும். விடை இடையில் இருக்கிறது. 5.5% வைத்துப் பார்த்தால் 9,19,652. ஏறக்குறைய அதே தொகை. எனவே இந்தப் பாலிசியின் ஐ.ஆர்.ஆர். 5.5%.

இந்தத் தேடலை எக்செல் போன்ற கணக்குத்தாள் ஒரு நொடியில் செய்துவிடும். A1 முதல் A20 வரையுள்ள கட்டங்களில் -25000 என்று எழுத வேண்டும். கையை விட்டுப் போகும் பணம் என்பதால் கழித்தல் குறி. A21-இல் 920000. பிறகு வேறொரு கட்டத்தில்:

```
=IRR(A1:A21)
```

இங்கே அடிக்கடி நேரும் பிழை, முதிர்வுத் தொகையைக் கடைசிப் பிரீமியம் உள்ள வரிசையிலேயே சேர்த்து எழுதுவது. கடைசிப் பிரீமியம் 20-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கட்டப்படுகிறது. முதிர்வுத் தொகை அதற்கு ஓராண்டு கழித்தே வருகிறது. ஒரே வரிசையில் போட்டால் அந்த ஓராண்டு காணாமல் போய், விடை 6% என்று வரும். பாலிசிக் கணக்கில் 20 பிரீமியங்களுக்கு 21 வரிசைகள் இருக்கின்றனவா என்று பார்ப்பதே இதைக் கண்டுபிடிக்கும் வழி. மாதப் பிரீமியம் கட்டுபவர்கள் தேதிகளையும் சேர்த்து எழுதி XIRR பயன்படுத்தலாம். அது ஆண்டு விகிதத்தையே தரும்.

ஆயிரத்துக்கு 40 ரூபாய் போனஸ் என்பதை 4% வட்டி என்று எண்ணிவிடக் கூடாது. அது காப்பீட்டுத் தொகையின் மேல் கணக்கிடப்படுகிறது, கட்டிய பணத்தின் மேல் அல்ல. சாதாரண போனஸ் முறையில், முதல் ஆண்டு அறிவிக்கப்பட்ட 20,000 ரூபாய் கடைசி வரை 20,000 ஆகவே நிற்கும். அதன் மேல் வட்டி ஏறாது. அடுத்த ஆண்டுகளின் போனஸும் உறுதியானதல்ல. இந்த எடுத்துக்காட்டில் உறுதியான தொகை 5,00,000 மட்டுமே. அது கட்டிய பணத்துக்குச் சமம், அதாவது ஐ.ஆர்.ஆர். பூஜ்யம். வருமானம் முழுவதும் போனஸை நம்பியே இருக்கிறது. போனஸ் ஆயிரத்துக்கு 40-இலிருந்து 35 ஆகக் குறைந்தால் முதிர்வுத் தொகை 8,70,000, ஐ.ஆர்.ஆர். 5% ஆகிவிடும். பாலிசி விற்கும்போது தரப்படும் பலன் விளக்கப் பட்டியலில் காணப்படும் 4%, 8% என்ற எண்களும் பாலிசிதாரரின் வருமானம் அல்ல. நிறுவனத்தின் முதலீடு அந்த அளவு ஈட்டினால் என்ன கிடைக்கும் என்று காட்டுவதற்கான அனுமானங்கள் அவை. செலவும் காப்பீட்டுக்கான விலையும் போன பிறகு கைக்கு வருவது அதைவிடக் குறைவு.

காப்பீட்டுக்கும் ஒரு விலை உண்டு என்பதை மறந்தால் பாலிசிக்கு அநியாயம் செய்ததாகும். அதே 5 லட்சத்துக்கு டேர்ம் பாலிசி தனியாக எடுக்க ஆண்டுக்கு 1,500 ரூபாய் ஆகும் என்று வைத்துக்கொண்டால், சேமிப்புக்குப் போனது 23,500 மட்டுமே. அப்படிக் கணக்கிட்டால் ஐ.ஆர்.ஆர். 6 சதவீதமாக உயர்கிறது. வங்கி வைப்போடு ஒப்பிடும்போது இந்த எண்ணே நியாயமானது. பிரீமியத்துடன் ஜி.எஸ்.டி. கட்டிய ஆண்டுகள் இருந்தால், அதையும் செலவில் சேர்க்க வேண்டும். தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கு அந்த வரி 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டது.

இந்த 5.5%, பாலிசி எடுக்கும் முன் முடிவெடுக்க உதவும் எண். ஏற்கெனவே பாதி காலம் கட்டியவருக்கு அது உதவாது. பத்து ஆண்டுகள் கட்டிய பிறகு சரண்டர் செய்தால் 2,00,000 ரூபாய் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். கட்டியது 2,50,000; இதுவரையிலான ஐ.ஆர்.ஆர். மைனஸ் 4.1%. ஆனால் அந்த நஷ்டம் வெளியேறும்போதுதான் கைக்கு வருகிறது. இனி எடுக்கும் முடிவுக்குக் கணக்கை இன்றிலிருந்து தொடங்க வேண்டும். பாலிசியைத் தொடர்வது என்றால், கைக்கு வரக்கூடிய 2,00,000-ஐ வேண்டாம் என்று விடுவதற்குச் சமம். எனவே முதல் வரிசையில் 2,00,000-உம் 11-ஆம் பிரீமியமும் சேர்ந்து -225000, அடுத்த ஒன்பது வரிசைகளில் -25000, கடைசியில் 920000. விடை சுமார் 9.5%.

ஒரே பாலிசி, தொடக்கத்திலிருந்து பார்த்தால் 5.5%, பத்தாம் ஆண்டிலிருந்து பார்த்தால் 9.5% தருகிறது. சரண்டர் மதிப்பு குறைவாக இருப்பதால், எஞ்சிய காலத்தின் பலன் கூடுகிறது. எனவே பாலிசியை விட்டுவிட நினைப்பவர் நிறுவனத்திடம் அன்றைய சரண்டர் மதிப்பை எழுத்தில் கேட்டு வாங்கி, இந்த இரண்டாவது கணக்கைப் போட வேண்டும். போனஸ் குறையவும் கூடும் என்பதால் 40-க்குப் பதில் 35 வைத்தும் ஒரு முறை பார்ப்பது நல்லது. அதே பணத்தை, அதே அளவு பாதுகாப்புடன், வேறிடத்தில் போட்டால் கிடைக்கும் வட்டி அந்த விடையைவிடக் கூடுதலாக இருந்தால் மட்டுமே சரண்டர் லாபம்.