இரட்டையர் வந்தால் கேமரா யார் பெயரைப் பதியும்?

வகுப்பில் முகத்தைக் காட்டினால் வருகை பதிவாகும் கருவிகளில், மாணவர் படத்தைச் சேமிக்காத வகை ஒன்று உண்டு. முதல் நாள் எடுக்கும் படங்களை எண்களின் வரிசையாக மாற்றிவிட்டு, படங்களை உடனே அழித்துவிடும். இந்த வரிசையின் பெயர் எம்பெடிங். கூகுள் ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஃபேஸ்நெட் முறையில் ஒரு முகத்துக்கு 128 எண்கள். ஒரே ஆளின் படங்களுக்கு நெருக்கமான எண்களும், வேறு ஆளின் படங்களுக்கு விலகிய எண்களும் கிடைக்கும்படி மென்பொருளைப் பழக்கியிருப்பார்கள்.

தினமும் கேமரா முன் வரும் முகமும் எண்களாகி, சேமித்த வரிசைகளோடு ஒப்பிடப்படுகிறது. முழு ஒற்றுமைக்கு மதிப்பெண் 1. 0.50 தாண்டினால் அதே ஆள் என்று வைத்திருப்பதாகக் கொள்வோம். கயல், கனி என்ற இரட்டையரில் ஒருத்தி வருகிறாள். கயலோடு 0.74, கனியோடு 0.71, மற்றவர்களோடு 0.25க்கும் கீழே. அதிக மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் கயல் வந்ததாகப் பதிவாகும். ஆனால் தலை சற்றுச் சாய்ந்தாலோ வெளிச்சம் மாறினாலோ இந்த 0.03 வித்தியாசம் தலைகீழாகிவிடும். வரம்பை 0.73க்கு உயர்த்தினால், கண்ணாடி மாற்றிய பிள்ளையும் மங்கலான வெளிச்சத்தில் நின்ற பிள்ளையும் வராதவர்கள் ஆகிவிடுவார்கள்.

அதனால் இரண்டாவது விதி ஒன்று தேவை. முதல் இரு மதிப்பெண்களுக்கு இடையே குறைந்தது 0.10 இடைவெளி இருக்க வேண்டும். இல்லையென்றால் கருவி எதையும் பதியாமல், இரு பெயர்களையும் ஆசிரியரின் திரையில் காட்ட வேண்டும். முதல் நாளே எல்லா வரிசைகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டால், குழப்பம் தரக்கூடிய ஜோடிகள் முன்கூட்டியே தெரிந்துவிடும். அவர்களுக்கு அடையாள அட்டையைக் கூடுதலாகக் கேட்கலாம்.

படம் இல்லை என்பதால் ஆபத்தே இல்லை என்று நினைக்கக் கூடாது. எம்பெடிங்கிலிருந்து முகத்தை ஓரளவு மீட்டு வரைய முடியும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கடவுச்சொல் திருடு போனால் மாற்றலாம். முகத்தை மாற்ற முடியாது. இந்த எண்களும் பூட்டி வைக்க வேண்டிய உடல் அடையாளத் தகவல்தான்.

அதனால்தான் சம்மதம் முக்கியமாகிறது. 2018இல் சுவீடனின் ஷெலெஃப்டியோ நகரப் பள்ளி ஒன்று 22 மாணவர்களிடம் முகவழி வருகைப் பதிவைச் சோதித்துப் பார்த்தது. சம்மதம் வாங்கியிருந்தும், பள்ளியைச் சார்ந்திருக்கும் மாணவரின் சம்மதம் சுதந்திரமானது அல்ல என்று தகவல் பாதுகாப்பு ஆணையம் கூறி, 2 லட்சம் குரோனர் அபராதம் விதித்தது. இந்தியாவின் 2023 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரின் தகவலுக்குச் சரிபார்க்கத்தக்க பெற்றோர் சம்மதத்தைக் கேட்கிறது.

மறுத்த பிள்ளைக்குப் பெயர் கூப்பிட்டு வருகை எடுக்க வேண்டும்; அதனால் அவளுக்கு எந்தக் குறையும் வரக் கூடாது. சம்மதத்தைத் திரும்பப் பெற்றால் எண்களையும் அழிக்க வேண்டும். வகுப்பு முழுவதையும் படம்பிடிக்கும் கேமராவோ, மறுத்தவரின் முகத்தையும் எண்ணாக்கிய பிறகுதான் அவர் பட்டியலில் இல்லை என்று கண்டுபிடிக்கும். ஆகவே விரும்பியவர் மட்டும் போய் நிற்கும் ஓர் இடத்தில்தான் கேமரா இருக்க வேண்டும்.