முத்திரை இட்டவரிடமே கேட்டறிதல்

காஞ்சிபுரத்தில் கைலாசநாதர் கோயிலைச் சூழ்ந்துள்ள பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் கல்யாணப் பட்டு எடுக்க வருகிறவர்களுக்கு, இந்நாளில் சேலையோடு சில அட்டைகளும் சேர்ந்தே கிடைக்கின்றன. ஒன்று சில்க் மார்க். மற்றொன்று கைத்தறி முத்திரை. மூன்றாவது ‘காஞ்சிபுரம் பட்டு’ என்னும் புவிசார் குறியீட்டின் சின்னம். போதாக்குறைக்கு, கல்லாவுக்குப் பின்னால் சுவரில் சட்டமிட்டு மாட்டிய ஐ.எஸ்.ஓ. சான்றிதழ் ஒன்றும் கண்ணில் படும். இத்தனையும் ஒருங்கே கண்டவர், சர்க்காரே சேலையைச் சோதித்து நற்சான்று வழங்கிவிட்டது என்ற நிச்சயத்தோடு பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறார். ஆனால் இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு ஸ்தாபனம் வெவ்வேறு விஷயத்தைப் பற்றித் தரும் அத்தாட்சி. ஒன்று சொல்வதை மற்றொன்று சொல்வதில்லை. அத்தாட்சி மெய்யா பொய்யா என்பதைக் கடைக்காரரின் வார்த்தையாலோ அட்டையின் பளபளப்பாலோ தீர்மானிக்க இயலாது. அதை வழங்கிய ஸ்தாபனத்தின் பதிவேடு ஒன்றுதான் அதற்குப் பதில் சொல்லும்.

எந்த முத்திரை எதற்குச் சாட்சி?

சில்க் மார்க் என்பது மத்தியப் பட்டு வாரியத்தின் ஆதரவில் 2004-ஆம் ஆண்டு ஏற்பட்ட இந்திய சில்க் மார்க் அமைப்பு வழங்குவது. இழை இயற்கைப் பட்டு என்பதற்கு மட்டுமே அது சாட்சி. சேலை கைத்தறியில் நெய்ததா விசைத்தறியில் நெய்ததா, காஞ்சியில் பிறந்ததா வேறு ஊரிலிருந்து வந்திறங்கியதா, ஜரிகையில் வெள்ளி எவ்வளவு என்பனவற்றைப் பற்றி அது வாய் திறப்பதில்லை. 2006-இல் தோன்றிய கைத்தறி முத்திரையை நடத்துவது ஜவுளிக் குழு. நெய்த தறி கைத்தறி என்பதே அதன் பொருள். இழை பட்டா பருத்தியா என்பது அதன் விசாரணைக்குள் வராது.

புவிசார் குறியீடு இவ்விரண்டினும் வேறுபட்டது. 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், சென்னை கிண்டியிலுள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் 2005-06-ஆம் ஆண்டில் ‘காஞ்சிபுரம் பட்டு’ பதிவாயிற்று. அந்தப் பெயரைப் பயன்படுத்த விரும்பும் உற்பத்தியாளர் தம்மை ‘அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்’ என்று அதே பதிவகத்தில் தனியே பதிந்துகொள்ள வேண்டும். ஆகவே, ‘எங்கள் சேலைக்குப் புவிசார் குறியீடு உண்டு’ என்று ஒரு கடை சொல்வது அரைப் பதில்தான். அப்பெயர் ஊருக்கும் தொழிலுக்கும் கிடைத்த உரிமையேயன்றிக் கடைக்குக் கிடைத்த விருதன்று. அந்த உற்பத்தியாளரின் பெயர் பயனாளர் பட்டியலில் இருக்கிறதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

ஒரு சேலையைக் கொண்டு பார்ப்போம்

மகளின் முகூர்த்தத்திற்காக ஒரு தகப்பனார் முப்பத்தெட்டாயிரம் ரூபாய்க்கு அரக்கு நிறச் சேலை ஒன்று எடுத்தார் என்று கொள்வோம். முந்தியின் ஓரத்தில் நூலால் கட்டித் தொங்கவிட்ட சில்க் மார்க் அட்டை இருக்கிறது. அதில் ஹாலோகிராம் மின்னுகிறது. வரிசை எண்ணும் அச்சாகியிருக்கிறது. அவர் செய்யத்தக்க முதற் காரியம், அட்டையின் இருபுறத்தையும், சேலையில் அது கட்டப்பட்டிருக்கும் நிலையையும், ரசீதையும் படம் எடுத்து வைத்துக்கொள்வது. ரசீதில் ‘பட்டுச் சேலை ஒன்று’ என்று பொதுப்பட எழுதியிருந்தால், ‘சுத்தப் பட்டு, கைத்தறி, காஞ்சிபுரம், ஜரிகை இன்ன தரம்’ என்று வாயால் சொன்னதையெல்லாம் எழுத்தில் வாங்கிக்கொள்வது அதனினும் முக்கியம். பிற்பாடு வழக்கு என்று வந்தால் பேசுவது ரசீதுதான்.

அடுத்தது விசாரணை. அட்டையிலோ சான்றிதழிலோ அச்சிட்ட தொலைபேசி எண்ணையும், கைபேசியால் வருடும் கட்டக் குறியையும் மாத்திரம் நம்பிப் போகலாகாது. போலி அச்சடிக்கத் துணிந்தவருக்குப் போலிப் பக்கம் ஒன்றை உண்டாக்குவதும், ‘ஆம், அது எங்களுடையதே’ என்று சொல்ல ஒருவரை அமர்த்துவதும் பெரிய காரியமல்ல. ஸ்தாபனத்தின் முகவரியை நாமே தேடி, silkmarkindia.com என்று நாமே தட்டச்சு செய்து உட்புக வேண்டும். அல்லது அங்கு கண்ட விலாசத்திற்குக் கடிதம் எழுத வேண்டும். கடிதத்தில் கேட்க வேண்டியவை மூன்றே: இந்த எண்ணுள்ள அட்டையைத் தாங்கள் வெளியிட்டீர்களா, யாருக்கு, எவ்வகைச் சரக்கிற்கு வழங்கினீர்கள், அந்த உறுப்பினரின் அங்கீகாரம் இன்றைய தேதியில் உயிரோடு இருக்கிறதா? மூன்றாவது கேள்வியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஒரு காலத்தில் மெய்யாக இருந்து, பிறகு புதுப்பிக்கப்படாமலோ ரத்தாகியோ போன சான்றிதழ், சுவரில் மட்டும் நெடுங்காலம் ஜீவித்திருப்பது உண்டு.

பதில் வந்தபின் அதைப் படிக்கும் விதமும் ஒன்றுண்டு. எண்ணே பதிவேட்டில் இல்லையென்றால் அட்டை போலி. எண் இருந்து, கடையின் பெயருக்குப் பதில் வேறொருவர் பெயர் வந்தால், உடனே மோசடி என்று கூவ வேண்டியதில்லை; நெய்வித்த முதலாளியோ கூட்டுறவுச் சங்கமோ அட்டை கட்டிக் கடைக்கு அனுப்புவது சகஜம். அவர்களிடம் கொள்முதல் செய்ததற்கான பட்டியலைக் காட்டும்படி கடையைக் கேட்கலாம்; காட்டத் தயங்கினால் சந்தேகத்திற்கு இடமுண்டு. ஒரே எண் இரண்டு சேலைகளில் தொங்கக் கண்டால், ஓர் அட்டையைப் பார்த்துப் பல அட்டைகள் அச்சடித்திருக்கிறார்கள் என்பது விளங்கும். ஆதலால் பல சேலைகள் எடுக்கிறவர்கள் எண்களை ஒப்பிட்டுப் பார்ப்பது நன்று.

இங்கே ஓர் எல்லையையும் மறக்கலாகாது. அட்டையைச் சேலையில் கட்டுபவர் அங்கீகாரம் பெற்ற வியாபாரியே. அமைப்பின் அலுவலர் சேலை ஒவ்வொன்றையும் பிரித்துச் சோதித்துக் கட்டுவதில்லை. எனவே எண் சரியாக இருப்பது, அந்த அட்டை அந்த உறுப்பினருக்கு வழங்கப்பட்டது என்பதை நிரூபிக்குமேயல்லாது, நல்ல சேலையிலிருந்து அவிழ்த்து மட்டமான சேலையில் கட்டப்படவில்லை என்பதை நிரூபிக்காது. அந்தச் சந்தேகம் எழுந்தால் இழையையே கேட்க வேண்டியதுதான். முந்தியின் குஞ்சத்திலிருந்து பாவு நூல் சிலவும், துணியின் ஓரத்திலிருந்து ஊடை நூல் சிலவும் தனித்தனியே எடுத்துத் தீயில் காட்டினால், பட்டு மயிர் கருகும் நாற்றத்தோடு எரிந்து, விரலால் நசுக்கினால் பொடியாகும் சாம்பலைத் தரும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகத் திரளும். பாவு மட்டும் பட்டாகவும் ஊடை வேறாகவும் நெய்து விற்பது உண்டென்பதால், இரண்டையும் பார்க்காத சோதனை சோதனையாகாது. ஐயம் தீராவிட்டால் பரிசோதனைக்கூடத்து அறிக்கையே முடிவு.

ஜரிகையின் கதை வேறு. காஞ்சிபுரம் பட்டின் புவிசார் குறியீட்டு விவரணத்தில் ஜரிகைக்கு வெள்ளி 57 விழுக்காடு, தங்கம் 0.6 விழுக்காடு என்று குறிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் தாமிரக் கம்பியில் மினுக்கு ஏற்றிய ஜரிகையும், பிளாஸ்டிக் படலத்தை நறுக்கிச் சுற்றிய ஜரிகையும் தூரத்துப் பார்வைக்கு அதே ஒளியோடுதான் இருக்கும். சில்க் மார்க் அட்டை எத்தனை மெய்யானாலும் ஜரிகைக்கு அது பொறுப்பேற்பதில்லை. விலையில் பெரும்பகுதி ஜரிகைக்காகவே கேட்கப்படும்போது, உலோக விழுக்காட்டைக் காட்டும் சோதனை அறிக்கையைத் தனியே கேட்பதே முறை.

சுவரில் தொங்கும் சான்றிதழ்

இனி நிறுவனத்தின் பெயரால் வரும் சான்றிதழ்கள். ‘ஐ.எஸ்.ஓ. எங்களுக்குச் சான்று வழங்கியது’ என்று விளம்பரம் செய்தால் அந்த வாக்கியமே தவறானது. ஜெனீவாவிலுள்ள அந்த ஸ்தாபனம் தர நியமங்களை எழுதுகிறதேயன்றி, எவருக்கும் சான்றிதழ் வழங்குவதில்லை. வழங்குபவை தனிப்பட்ட சான்றளிப்பு நிறுவனங்கள். அவற்றின் தகுதியைப் பரிசீலித்து அங்கீகாரம் தருவதற்கு நம் நாட்டில் இந்தியத் தரக் குழுமத்தைச் சேர்ந்த தேசிய அங்கீகார வாரியம் இருக்கிறது. ஆகவே இங்கே விசாரணை இரண்டு படிகளில் நடக்கும்: சான்றிதழ் மெய்யா என்று சான்றளித்தவரிடம் கேட்பது ஒன்று, அந்தச் சான்றளிப்பாளருக்கே அங்கீகாரம் உண்டா என்று வாரியத்தின் பட்டியலில் பார்ப்பது மற்றொன்று. iafcertsearch.org என்னும் சர்வதேசப் பட்டியலிலும் தேடிப் பார்க்கலாம்.

ஐ.எஸ்.ஓ. 9001 நிர்வாக முறைக்கு உரியது, சரக்கின் தரத்துக்கு உரியதன்று. அதில் எழுதியிருக்கும் விலாசமும் காரிய வரம்பும் ஊன்றிப் படிக்க வேண்டியவை. சென்னையிலுள்ள விற்பனைக் கடைக்குப் பெற்ற சான்றிதழைப் பிள்ளையார்பாளையத்து நெசவுக்கூடத்திற்கும் உரியதாகக் காட்டுவது, காகிதம் மெய்யாயிருந்தும் கூற்று பொய்யாவதற்கு நல்ல உதாரணம்.

சாயத்தின் பத்திரம் பற்றியும் இவ்வாறே. தீங்கு விளைக்கும் அசோ சாயங்கள் பலவற்றை மத்திய அரசு 1997-இல் தடைசெய்தது. ஏற்றுமதியாளர்கள் பலர் ஓகோ-டெக்ஸ் முத்திரை காட்டுகிறார்கள். அச்சான்றின் ஆயுள் ஓராண்டே. முத்திரையின் எண்ணை அந்த ஸ்தாபனத்தின் தளத்தில் இட்டால், அது செல்லுபடியாகிறதா, எந்த வகைத் துணிக்கு உரியது என்பதைத் தெரிந்துகொள்ளலாம்.

ஏமாந்தவருக்குப் பரிகாரம்

விசாரணையில் பொய் வெளிப்பட்டால், முதலில் கடைக்கு எழுத்து மூலம் தெரிவித்துப் பணத்தைத் திருப்பிக் கேட்க வேண்டும். அதே சமயம் முத்திரைக்கு உரிய ஸ்தாபனத்திற்கும் புகார் அனுப்ப வேண்டும். அட்டையைத் தவறாகப் பயன்படுத்திய உறுப்பினர்மீது நடவடிக்கை எடுப்பது அவர்கள் காரியம். கடை இணங்காவிட்டால் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்கு மேற்படாதவரை அங்கே கட்டணம் இல்லை. காரணம் ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். சரக்கின் குறையைச் சோதனையின்றி அறிய முடியாதபோது, ஆணையமே மாதிரியை முத்திரையிட்டுத் தகுந்த ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பச் சட்டம் இடம் தருகிறது. புவிசார் குறியீட்டைப் பொய்யாகப் பயன்படுத்துவோருக்கு ஆறு மாதத்திலிருந்து மூன்று ஆண்டு வரை சிறையும், ஐம்பதாயிரத்திலிருந்து இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. இவ்வாறு வழக்குத் தொடுப்பது மெய்யான நெசவாளருக்கும் காப்பாகும். போலிச் சேலை விலைபோகும்போது, இருவர் அமர்ந்து கோர்வை போட்டு நெய்த சேலைக்குரிய கூலியே முதலில் குறைகிறது.

ஆகையால் பட்டு எடுக்க வரும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். முகூர்த்தத்திற்குச் சில வாரங்கள் முன்னதாகவே சேலையை எடுங்கள். ஸ்தாபனத்தின் பதில் கைக்கு வரும்வரை அட்டையை அவிழ்க்காதீர்கள், ரவிக்கைத் துணியை வெட்டாதீர்கள், ஓரம் தைக்கக் கொடுக்காதீர்கள். வெட்டிய சேலையைக் கடை திரும்ப வாங்குவது அரிது, ஆணையத்தின் முன் அதைச் சாட்சியாக வைப்பதும் கடினம்.