எல்லை தெரியாது, ஆனால் எல்லை உண்டு

1 + 1/8 + 1/27 + 1/64 என்று கன எண்களின் தலைகீழிகளை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போவோம். கூட்டுத்தொகை 1, 1.125, 1.162, 1.178 என மெதுவாக ஏறுகிறது. பத்து உறுப்புகள் முடிந்ததும் 1.1975. இது ஓர் எண்ணை நெருங்கி நிற்குமா, இல்லை ஏறிக்கொண்டே போகுமா?

பாடப்புத்தகம் சொல்லும் சோதனை இங்கே கைகொடுக்காது. உறுப்புக்கும் எல்லைக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு வேண்டுமானாலும் சிறிதாகிறதா என்று பார்க்கச் சொல்கிறது அது. வித்தியாசம் பார்க்க முதலில் எல்லை கையில் இருக்க வேண்டுமே! கனத்துக்குப் பதில் வர்க்கம் என்றால் கூட்டுத்தொகை π²/6 என்று 1734-லேயே ஆய்லர் கண்டுபிடித்துவிட்டார். கனத்துக்கு அப்படி ஒரு சூத்திரம் அவருக்கும் சிக்கவில்லை, இன்றுவரை யாருக்கும் சிக்கவில்லை.

பிரெஞ்சுக் கணிதர் கோஷி 1821-இல் எழுதிய பாடநூலில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. (பிராகா நகரத்துப் போல்சானோ நான்கு ஆண்டுகளுக்கு முன்பே இதை எழுதியிருந்தார், அதைக் கவனித்தவர்கள் குறைவு.) எல்லையை விட்டுவிடுங்கள், உறுப்புகளையே ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள் என்பதுதான் அந்த வழி. எவ்வளவு சிறிய இடைவெளியைக் கேட்டாலும், ஏதோ ஓர் இடத்துக்கு அப்பால் எந்த இரண்டு உறுப்புகளை எடுத்தாலும் அவற்றின் வித்தியாசம் அதைவிடக் குறைவாக இருந்தால், அந்தத் தொடர்முறை குவியும்.

நம் கணக்கில் இதைச் செய்து பார்க்கலாம். பத்தாவது கூட்டுத்தொகைக்குப் பிறகு எவ்வளவு தூரம் போனாலும் மொத்தம் எவ்வளவு கூடும்? k³ என்பது (k−1)·k·(k+1) என்ற பெருக்கலைவிடப் பெரியது. ஆகவே 1/k³ என்பது 1/[(k−1)k(k+1)] என்பதைவிடச் சிறியது. இந்தப் பின்னத்தில் ஒரு வசதி உண்டு: 1/[(k−1)k], 1/[k(k+1)] ஆகிய இரண்டின் வித்தியாசத்தில் சரிபாதிதான் அது. அடுத்தடுத்த உறுப்புகளை இப்படிப் பிரித்துக் கூட்டினால் நடுவில் உள்ளவை ஒன்றையொன்று அடித்துவிடும். முதலும் கடைசியும்தான் மிஞ்சும். N உறுப்புகளுக்குப் பிறகு எத்தனை உறுப்புகள் சேர்ந்தாலும் கூட்டுத்தொகை 1/[2N(N+1)] அளவுக்குக்கூட உயராது. N = 10 என்றால் 1/220, N = 100 என்றால் 1/20,200. N பெரிதாகப் பெரிதாக இது பூஜ்ஜியத்தை நோக்கிப் போகிறது. ஆக, எல்லை உண்டு. அது 1.1975-க்கும் 1.2021-க்கும் இடையில் இருக்கிறது என்பதும் கூடவே கிடைத்துவிட்டது.

ஏறிக்கொண்டே போகும் தொகை ஓர் உச்சத்தைத் தாண்டாது என்று காட்டினாலே போதுமே என்று கணிதம் படித்தவர்கள் கேட்கலாம். இங்கே போதும்தான். ஆனால் ஒவ்வொரு உறுப்புக்கும் காசு சுண்டி, பூ விழுந்தால் கூட்டல், தலை விழுந்தால் கழித்தல் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொகை ஏறும், இறங்கும். அந்தக் குறுக்குவழி அடைபட்டுவிடும். மேலே கண்ட 1/[2N(N+1)] வரம்போ அப்படியே செல்லும், ஏனென்றால் குறி எதுவானாலும் வித்தியாசம் அதற்குள்தான். எல்லை என்னவென்று யாருமே சொல்ல முடியாத ஒரு தொடர்முறை குவிகிறது என்று உறுதியாகச் சொல்லிவிடுகிறோம்.

சோதனையில் பலர் தவறுவது 'எந்த இரண்டு' என்ற சொற்களில்தான். அடுத்தடுத்த இரண்டு உறுப்புகளை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். 1 + 1/2 + 1/3 + 1/4 என்று கூட்டினால், பத்து லட்சம் உறுப்புகளுக்குப் பிறகும் தொகை 14.4-ஐத் தொடவில்லை, அடுத்த படியில் கூடுவது பத்து லட்சத்தில் ஒரு பங்குதான். கணினியில் 'மாற்றம் இவ்வளவுக்குக் கீழே போனால் நிறுத்து' என்று எழுதியிருந்தால், அது நின்று ஒரு விடையையும் காட்டிவிடும். ஆனால் N-இலிருந்து 2N வரை போய்ப் பாருங்கள். புதிதாகச் சேரும் N உறுப்புகளில் எதுவும் 1/2N-ஐவிடக் குறையாது, ஆகவே தொகை அரையாவது கூடியே தீரும். N எவ்வளவு பெரிதானாலும் அந்த அரை குறைவதில்லை. இதற்கு எல்லையே இல்லை.

இனி, கோஷி விட்டுவைத்த ஓட்டை. உறுப்புகள் நெருங்கினால் நெருங்கும் இடத்தில் ஓர் எண் இருந்தாக வேண்டும் என்று அவர் எடுத்துக்கொண்டார், நிறுவவில்லை. கனத் தொடரின் ஒவ்வொரு கூட்டுத்தொகையும் ஒரு பின்னம். ஆனால் எல்லை பின்னம் இல்லை என்று 1978-இல் ரோஜர் அப்பேரி நிறுவினார். பின்னங்களை மட்டுமே எண்களாக ஏற்பவருக்கு, இந்தத் தொடர்முறை நெருங்கி நெருங்கிப் போய்ச் சேரும் இடம் வெறும் பள்ளம். அந்தப் பள்ளங்களை அடைக்கும் வேலையை 1872-இல் டெடெகிண்டும் கண்டோரும் தனித்தனியாகச் செய்தார்கள். கண்டோர் பிடித்த வழி விசித்திரமானது: இப்படி நெருங்கும் பின்னத் தொடர்முறைக்கு எல்லையைத் தேடாமல், அந்தத் தொடர்முறையையே ஓர் எண்ணாக வைத்துக்கொண்டார். வித்தியாசம் பூஜ்ஜியத்துக்குப் போகும் இரண்டு தொடர்முறைகள் அவர் கணக்கில் ஒரே எண்.